நெல் காசு எந்தக் கட்டத்தில்?

ஜூன் மாத முடிவில் மாமா பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் கண் பாஸ்புக்கை விட்டு எழவில்லை. ஒரு வரியில் வட்டி வரவு 30,000 ரூபாய். அதற்கு அடுத்த வரியில் டிடிஎஸ் என்று 3,000 ரூபாய் பற்று.

"மாப்ள, நான் வரியே கட்ட வேண்டியதில்லன்னு நீதான சொன்ன? அப்புறம் இது என்ன?"

நான் சொன்னது சரிதான், வங்கி பிடித்ததும் சட்டப்படி சரிதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால் 15எச் படிவம் எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

மாமாவுக்கு 68 வயது. திருவையாறு பக்கம் அரை வேலி நிலம், அதாவது பத்து மா. குறுவையும் தாளடியும் போடுகிறார். பெரிய பையன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதைச் சேர்த்துத் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் 16 லட்சம் ரூபாயை எஃப்டியாகப் போட்டிருக்கிறார். வட்டி ஏழரை சதவீதம், ஆண்டுக்கு 1,20,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,000 அவருடைய சேமிப்புக் கணக்கில் விழும்.

அவருக்கு இது தவிர வேறு என்ன வருமானம், வயலில் என்ன விளைந்தது, பென்ஷன் உண்டா இல்லையா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. மூத்த குடிமக்களுக்கு ஒரே வங்கியில் ஓர் ஆண்டில் வரும் டெபாசிட் வட்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டு என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. 2025 ஏப்ரல் 1க்கு முன்பு இந்த எல்லை 50,000 ரூபாயாக இருந்தது. அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இப்போது 50,000, முன்பு 40,000.

"30,000 தானே வந்துச்சு? லட்சத்தத் தாண்டலியே?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. கணக்கு இதுவரை வந்த வட்டிக்கு அல்ல, ஆண்டு முழுவதும் வரப்போகும் வட்டிக்கு. மார்ச் முடியும்போது 1,20,000 ஆகும் என்பது வங்கிக் கணினிக்கு ஏப்ரலிலேயே தெரியும். அதனால் முதல் காலாண்டிலிருந்தே பிடிக்கத் தொடங்கிவிடும். லட்சத்துக்கு மேலே உள்ள 20,000க்கு மட்டும் பிடிப்பார்கள் என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எல்லையைத் தாண்டினால் முழு வட்டிக்கும் பத்து சதவீதம். மாமாவுக்கு ஆண்டில் 12,000 ரூபாய்.

இந்தப் பணம் வரி அல்ல, வரியாக இருக்கக்கூடும் என்று முன்கூட்டி எடுத்து வைக்கும் தொகை. 'என் ஆண்டு வருமானத்துக்கு வரியே வராது, அதனால் பிடிக்காதே' என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் படிவம். அறுபது நிறைந்தவர்களுக்கு 15எச், மற்றவர்களுக்கு 15ஜி. ஆண்டின் எந்த நாளில் அறுபது நிறைந்தாலும் அந்த ஆண்டுக்கு 15எச் கொடுக்கலாம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் படிவங்கள். மாமாவின் சிங்கப்பூர்ப் பையன் தன் பெயரில் உள்ள என்ஆர்ஓ டெபாசிட்டுக்கு இவற்றைக் கொடுக்க முடியாது.

படிவத்தை விரித்தால் கண்ணைக் கட்டும். பெயர், பேன் எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சுலபம். தடுமாறுவது மூன்று இடங்களில். இந்தப் படிவம் எந்த வருமானத்துக்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்தத் தொகை ஒன்று. அதையும் உள்ளடக்கிய ஆண்டின் மொத்த வருமான மதிப்பீடு இன்னொன்று. வேறு எங்காவது இதே படிவம் கொடுத்திருந்தால் அதன் எண்ணிக்கையும் தொகையும் மூன்றாவது.

முதல் கட்டத்தில் மாமா எழுத வேண்டியது 1,20,000. அது அந்த வங்கியின் வட்டி மட்டும். மொத்த வருமானக் கட்டத்தில்தான் ஊரில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். அங்கேயும் அதே 1,20,000ஐ எழுதிவிடுகிறார்கள். மாமாவுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் இருக்கிறது, 8.2 சதவீதத்தில் 82,000 ரூபாய் வட்டி. ஊர் சொசைட்டியில் 2 லட்சம், அதில் 14,000. சேமிப்புக் கணக்குகளில் சில்லறையாக 3,000. எல்லாம் கூட்டினால் 2,19,000. இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டியது இந்த எண்.

அஞ்சலகத்தின் 82,000 ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை, அங்கே பிடித்தமும் இல்லை, படிவமும் தேவையில்லை. ஆண்டு வரவு 50 கோடி ரூபாயைத் தாண்டாத தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதாவது நம் சொசைட்டி, டெபாசிட் வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்காது. மத்திய கூட்டுறவு வங்கி அப்படி அல்ல, மற்ற வங்கிகளைப் போலவே பிடிக்கும். பிடிக்காத இடத்து வட்டியும் வருமானம்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதனால்தான் சொசைட்டியின் 14,000மும் சேமிப்புக் கணக்கின் 3,000மும் மொத்தத்தில் ஏறின. மூன்றாவது கட்டத்தில் மாமா எழுத வேண்டியது பூஜ்ஜியம். வேறு எங்கும் அவர் படிவம் கொடுக்கவில்லை.

"நெல்லு காசு?" என்றார்.

டெல்டாவில் இந்தப் படிவத்தைப் பற்றி எழுத நான் உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டால் பணம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. எஃப்டி வட்டியும் அதே கணக்கில், அதே பாஸ்புக்கில். செலவு போக மாமாவுக்கு வயலில் 1,80,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதையும் சேர்த்தால் 3,99,000. நான்கு லட்சத்தை ஒட்டி நிற்கிறது, மூன்று மூட்டை கூடப் போட்டால் தாண்டிவிடும் என்று பயந்து படிவமே கொடுக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பயம் தேவையில்லை. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. படிவம் கேட்கும் மொத்த வருமானத்தில் அது சேராது. நீங்களே பயிரிட்டாலும், குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டாலும், உங்கள் வயலைக் குத்தகைக்கு விட்டு நெல்லாகவோ பணமாகவோ வாங்கினாலும் அது வேளாண் வருமானமே. ஆனால் அடுத்தவர் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வாங்கும் கூலி வேளாண் வருமானம் ஆகாது, அதைச் சேர்த்தே காட்ட வேண்டும். டிராக்டரை வாடகைக்கு விட்டு வரும் பணமும் அப்படித்தான்.

ஆக மாமாவின் மொத்தம் 2,19,000. 2025-26இல் புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே கிடையாது. கையெழுத்துப் போடலாம். பழைய முறையிலேயே இருப்பவர்களுக்கு அந்த எல்லை அறுபது முதல் எண்பது வயதுக்குள் மூன்று லட்சம், எண்பது நிறைந்தவர்களுக்கு ஐந்து லட்சம். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் புதிய முறைதான்.

மாமாவின் கணக்கு நேர்க்கோடு. என் அத்தை ஒருவரின் கணக்கு அப்படி இல்லை, ஆனால் அதுதான் இன்னும் அதிகம் பேருக்கு உதவும். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷன் ஆண்டுக்கு 5,40,000, ஒரே வங்கியில் எஃப்டி வட்டி 2,40,000, கூட்டினால் 7,80,000. "நான்கு லட்சத்தத் தாண்டிட்டேன், எனக்கு 15எச் கெடயாது" என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது.

15எச் கேட்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வருமானம் நான்கு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. அத்தையின் பென்ஷனில் நிலையான கழிவு 75,000 போனால் மொத்த வருமானம் 7,05,000. நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 3,05,000க்கு ஐந்து சதவீதம் என்றால் வரி 15,250. ஆனால் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி போக அத்தை கட்ட வேண்டியது பூஜ்ஜியம். இப்படித் தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறவர்களின் 15எச் படிவத்தையும் வங்கி ஏற்கலாம் என்று 2019 மே மாதத்தில் படிவத்தின் குறிப்பிலேயே திருத்தம் வந்துவிட்டது. கவுன்டரில் யாராவது தயங்கினால் அந்தக் குறிப்பைக் காட்டலாம். படிவத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

அத்தைக்கு வயல் வருமானமும் 2,00,000 இருந்தால்? அப்போது ஒரு நெளிவு வருகிறது. நெல்லுக்கு வரி இல்லை. ஆனால் மற்ற வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டி, வேளாண் வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்க நெல்லையும் கூட்டிக் கொள்வார்கள். இரண்டையும் சேர்த்து 9,05,000க்கு வரி போட்டால் 30,500. பிறகு நெல்லின் 2,00,000த்தோடு நான்கு லட்சத்தைக் கூட்டி, அந்த ஆறு லட்சத்துக்கு உரிய 10,000த்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 20,500. நெல்லால் வரி 5,250 கூடியது, ஆனாலும் 60,000 தள்ளுபடிக்குள் அடங்கி மறுபடியும் பூஜ்ஜியமே. அத்தை 15எச் கொடுக்கலாம். மற்ற வருமானம் பத்து, பதினொரு லட்சம் என்று ஏறி, நிலமும் நிறைய இருந்தால் தள்ளுபடி போதாமல் போகும். அங்கே ஆடிட்டரிடம் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தத் தாராளம் இல்லை. 15ஜிக்கு இரண்டு பூட்டு. வரி பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அதோடு வட்டி வருமானம் மொத்தமும் வரியில்லா எல்லைக்குள், அதாவது நான்கு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விபத்தில் கணவரை இழந்த 48 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டுப் பணம் 10 லட்சத்தை ஏழு சதவீதத்தில் போட்டிருக்கிறார். வட்டி 70,000, எல்லை 50,000தான் என்பதால் 7,000 ரூபாய் பிடிப்பார்கள். வயல் கூலி, நூறு நாள் வேலை எல்லாம் சேர்த்து 1,20,000 என்றால் மொத்தம் 1,90,000. இரண்டு பூட்டும் திறக்கும், 15ஜி கொடுக்கலாம். இவரைப் போன்றவர்களுக்கு அந்த 7,000 பெரிய பணம், பெரும்பாலும் இவர்களிடம்தான் படிவம் போய்ச் சேருவதில்லை. டெபாசிட் போடுகிற அன்றே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வங்கி ஊழியர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது கொடுப்பது? ஏப்ரல் முதல் வாரத்தில். ஒரு படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே. போன ஆண்டு கொடுத்தது இந்த ஆண்டுக்குப் பேசாது. சம்பா, தாளடி நெல் போட்டு முடிந்து, மேட்டூர் திறப்புக்குக் காத்திருக்கும் மாதம் என்பதால் நம் பக்கம் இது தோதான நேரமும்கூட. மாமா போன ஆண்டு கொடுத்திருந்தார், இந்த ஆண்டும் அதுவே போதும் என்று இருந்துவிட்டார். அந்த 3,000 போனதற்குக் காரணம் அதுதான்.

எஃப்டி இருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும். ஒரே வங்கியின் எத்தனை கிளையில் போட்டிருந்தாலும் வட்டியை மொத்தமாகவே கணக்கிடுவார்கள். கிளை கிளையாகப் பிரித்துப் போட்டால் தப்பலாம் என்பது பழைய கதை. ஆண்டின் நடுவில் புது டெபாசிட் போட்டால், ஏற்கெனவே கொடுத்த படிவம் அதற்கும் சேருமா என்று அன்றே கேட்டுவிட வேண்டும். பல இடங்களில் புது டெபாசிட்டுக்குப் புதுப் படிவம் கேட்கிறார்கள். அறுவடைப் பணத்தை மார்ச்சில் எஃப்டியாகப் போடுகிறவர்கள் அந்த மாதத்துக்கு ஒன்று, ஏப்ரலில் இன்னொன்று என்று இரண்டு கொடுக்க நேரலாம்.

கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரக் கூடாது. வங்கி ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் அடையாள எண் போட வேண்டும். 15எச் என்றால் அது எச் எழுத்தில் தொடங்கும், 15ஜி என்றால் ஜி எழுத்தில். அந்த எண்ணோ, குறைந்தது முத்திரையிட்ட நகலோ கையில் இருந்தால்தான் பிறகு கேட்க முடியும். தாளை வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டுக் கணினியில் ஏற்ற மறந்த கிளை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஜூன் கடைசியில் பாஸ்புக் பதிந்து பார்ப்பதுதான் இதற்குச் சோதனை. டிடிஎஸ் பற்று இல்லை என்றால் படிவம் ஏறிவிட்டது.

இன்னொரு தடை பேன் எண். பேன் இல்லாத படிவம் செல்லாது, பிடித்தமும் பத்துக்குப் பதிலாக இருபது சதவீதம் ஆகும். ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்துபோன பேனுக்கும் இதே கதிதான். எண்பது வயது நிறைந்தவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. கூட்டுக் கணக்கு என்றால் முதல் பெயருக்கு உரியவர் படிவம் கொடுக்க வேண்டும்.

'வட்டியை நான் எடுக்கவே இல்லையே, அஞ்சு வருஷம் கழிச்சுத்தானே மொத்தமா வரும்' என்பவர்களும் உண்டு. கூட்டுவட்டி டெபாசிட்டிலும் ஆண்டுக்கு ஆண்டு வட்டி கணக்கில் ஏறுகிறது, ஏறும்போதே பிடித்தமும் வரும். அதனால் அவர்களும் ஒவ்வோர் ஏப்ரலிலும் படிவம் கொடுக்க வேண்டும். மொத்த வருமானத்தில் அந்த ஆண்டு ஏறிய வட்டியைச் சேர்க்கவும் வேண்டும்.

மாமா ஜூலையில் கொடுத்த படிவம் மீதி மூன்று காலாண்டின் 9,000த்தைக் காப்பாற்றிவிட்டது. முதல் 3,000த்தைத் திருப்பித் தா என்று வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டிவிடுவார்கள். அது வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் அறிக்கையில் மாமாவின் பெயரில் நிற்கும். 2026 ஜூலை 31க்குள் ரிட்டர்ன் போட்டால் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். வழக்கமாக எல்லோரும் போடும் ஐடிஆர்-1 மாமாவுக்குப் பொருந்தாது. வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருப்பவர்கள் ஐடிஆர்-2 போட வேண்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் ஒன்றாம் எண்ணைப் போட்டு, நெல்லைக் காட்டாமல் விட்டுவிடுவது நம் பக்கம் நடக்கிற தவறு.

படிவம் கொடுக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். கணவர் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டு, மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்று 15எச் கொடுக்க வைப்பது பரவலாக நடக்கிறது. அப்படிக் கொடுத்த பணத்தின் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். அவருக்கு வரி வருமானால் அந்தப் படிவம் தவறான உறுதிமொழி. தஞ்சாவூரைச் சுற்றி வயல்கள் மனையாகிற காலம் இது. மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கும் வயலை இந்த ஆண்டு விற்றிருந்தால், அந்த லாபத்துக்கு வரி உண்டு, 87ஏ தள்ளுபடி அதைத் தொடாது. விற்ற ஆண்டில் வழக்கம்போல் 15எச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சிக்கல்தான். தெரிந்தே பொய்யாக உறுதி கொடுத்தால் அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தின் 277ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. கொடுத்த பிறகு வருமானம் கூடி வரி வரும் என்று தெரிந்தால், படிவத்தை இனி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வரியை ரிட்டர்னில் கட்டிவிட வேண்டும்.

இங்கே சொன்ன எண்களெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன, படிவங்களும் புதிய விதிகளுக்கு ஏற்ப மாறும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய தாளை நிரப்பிக்கொண்டு போகாமல், அந்த ஆண்டுக்குரிய படிவத்தை வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள். போகும்போது எல்லா பாஸ்புக்கையும், அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தையும், சொசைட்டி ரசீதையும் எடுத்துப் போங்கள். மொத்த வருமானக் கட்டத்தை நிரப்ப அவை எல்லாமே வேண்டும்.